68-ஐ 6.8 என்று படித்த அம்மா

அம்மாவின் சிறிய நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக ஐந்து எண்கள் இருந்தன. 12.4, 11.8, 11.2, 9.6, 6.8. முதல் நான்கையும் பார்த்துப் பயந்திருக்கிறார். இரவுச் சோற்றைப் பாதியாக்கி, பிறகு கால்வாசியாக்கி, கடைசி இரண்டு இரவும் ஒரு குவளை பாலோடு படுத்திருக்கிறார். ஐந்தாவது எண் வந்த காலையில் எனக்குப் போன் செய்தார்.

“ஆறு எட்டுடா தம்பி. நல்லா இறங்கிருச்சி.”

நானும் சந்தோஷப்பட்டு வேலைக்குக் கிளம்பினேன். அன்று வெள்ளிக்கிழமை. அம்மா வழக்கம்போல் கிளிக்லசைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பூஜையை முடித்துப் பசியாறலாம் என்று சாமி அறையைக் கழுவத் தொடங்கினார். ஒன்பதரை மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, சட்டையெல்லாம் வியர்வை, கேட்டதற்குப் பதில் மாற்றிச் சொல்கிறார் என்றார். நல்லவேளை, அக்காவின் கணவருக்கும் இனிப்புநீர் உண்டு. என்னிடம் பேசிக்கொண்டே மூன்று கரண்டி சீனி போட்ட தே ஓவை அம்மாவுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டார். நான் கிள்ளானில் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மீட்டரை எடுத்து அதன் பதிவைப் பார்த்தேன். அதில் இருந்தது 6.8 இல்லை, 68. அதற்கு முன்னால் 96, 112, 118, 124. ஓரத்தில் பொடி எழுத்தில் mg/dL என்று இருந்தது.

அந்த மீட்டர் மாமா சென்னைக்குப் போய்வந்தபோது அன்போடு வாங்கி வந்தது. இந்தியாவில் ரத்தச் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்வார்கள். நம் நாட்டுக் கிளினிக்குகளில் மில்லிமோல், அதாவது mmol/L. மில்லிகிராம் எண்ணைப் 18-ஆல் வகுத்தால் நம் எண் கிடைக்கும். அம்மாவுக்குக் கிளினிக்கில் மிஸ்ஸி சொல்லும் எண்கள்தான் பழக்கம். ஏழு, எட்டு, கூடினால் பத்து. 124 என்று திரையில் வந்ததும், கண் புரையால் புள்ளி தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தானே ஒரு புள்ளியை வைத்து 12.4 என்று எழுதிக்கொண்டார். உண்மையில் அது 6.9. பயப்பட ஒன்றுமே இல்லாத எண். அதற்காக அவர் சாப்பாட்டைக் குறைத்தார். குறைக்கக் குறைக்க எண் இறங்கியது. கடைசியில் “நல்லா இறங்கிய” 68 என்பது 3.8 மில்லிமோல். 3.9-க்குக் கீழே போனாலே சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் சர்க்கரையை இன்னும் இறக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு தரை கழுவியிருக்கிறார்.

மாமா மீது தவறில்லை. மீட்டரும் சரியாகத்தான் அளந்தது. பெட்டியைத் திறந்த அன்று யாரும் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவில்லை, நானும் சேர்த்து. இந்தியாவிலிருந்து வாங்கி வரும் மீட்டர்களில் பலவற்றை மில்லிமோலுக்கு மாற்ற முடியாது. அதற்குரிய ஸ்ட்ரிப்பும் இங்கே கிடைக்காமல் போகலாம். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே திரையைப் பாருங்கள்.

அடுத்த வாரம் கிளினிக்கில் டாக்டர் நோட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். இங்கே விற்கும் மீட்டர் ஒன்றை வாங்கச் சொன்னார். மாத்திரையைச் சரிப்படுத்தும்வரை வாரத்துக்கு நான்கு முறை, சில நாள் காலை வெறும் வயிற்றிலும் சில நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கச் சொன்னார். இந்த “வாரத்துக்கு நான்கு” என்பதை நினைவில் வையுங்கள். எந்த மீட்டர் மலிவு என்பதை அந்த எண்தான் முடிவு செய்தது.

சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் ஏழெட்டு மீட்டர்கள் இருந்தன. எல்லாப் பெட்டியிலும் துல்லியமானது என்றுதான் போட்டிருந்தது. அங்கிருந்த மருந்தாளுநர் இளம் பெண், பொறுமைசாலி. பெட்டியின் வெளிப்புறத்தை விட்டுவிட்டு, ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துக் காட்டினார்.

அதில் முதலில் தேட வேண்டியது ஐஎஸ்ஓ 15197 என்ற தரம், அதோடு 2013 என்ற ஆண்டு. ஆய்வுக்கூட அளவோடு ஒப்பிட்டால், நூற்றில் 95 சோதனைகளாவது குறிப்பிட்ட எல்லைக்குள் விழ வேண்டும் என்பது அந்தத் தரம். சர்க்கரை சுமார் 5.5-க்குக் கீழே இருந்தால், முன்னே பின்னே 0.83 மில்லிமோல். அதற்கு மேலே என்றால் முன்னே பின்னே 15 விழுக்காடு. 2003-இல் வந்த பழைய தரம் உயர்ந்த அளவுகளில் 20 விழுக்காடுவரை விட்டுக்கொடுத்தது. ஆகவே ஆண்டையும் பார்க்க வேண்டும்.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தால்தான் மனத்தில் பதியும். உண்மையான சர்க்கரை 10 என்றால், தரத்தில் தேறிய ஒரு மீட்டர் 8.5 என்றும் காட்டலாம், 11.5 என்றும் காட்டலாம். உண்மை அளவு 4.0 என்றால் 3.2-லிருந்து 4.8 வரை எதையும் காட்டலாம். நூற்றில் ஐந்து சோதனை அதையும் தாண்டலாம். ஒரே நேரத்தில் இரண்டு விரலில் குத்தி 8.6, 9.3 என்று வந்தால் மீட்டர் பழுது என்று அர்த்தமில்லை. மறுபக்கம், கை நடுங்கி வியர்த்துக் கொட்டும்போது திரையில் 4.3 என்று வந்தால், நான்குக்கு மேலேதானே இருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது. சீனித் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லா மீட்டரும் தேறியவைதான் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? அதே தாளில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். எத்தனை முடிவுகள் 5 விழுக்காட்டுக்குள், எத்தனை 10-க்குள், எத்தனை 15-க்குள் வந்தன என்று போட்டிருப்பார்கள். கடைசிக் கட்டம் எல்லோருக்கும் 95-க்கு மேலேதான். நடுக்கட்டத்தில்தான் வித்தியாசம் தெரியும். 10 விழுக்காட்டுக்குள் அதிக முடிவுகள் விழும் மீட்டர் சற்று உயர்ந்தது. இந்த ஒரு விஷயம் தெரிந்ததற்கே அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் அவர் கேட்டார். அம்மாவுக்கு ரத்தசோகை உண்டா, டயாலிசிஸ் செய்கிறாரா என்று. எங்களுக்கு இரண்டும் இல்லை. இருந்தால் கவனம் வேண்டும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் குறைந்தால் பல மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். எந்த விகிதம் வரை சரியாக வேலை செய்யும் என்பது அந்தத் தாளில் இருக்கும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதற்குப் பயன்படும் சில திரவங்களிலிருந்து உடம்பில் மால்டோஸ் சேரும். சில வகை ஸ்ட்ரிப்புகள் அதையும் சர்க்கரை என்று எண்ணிவிடும். உண்மையில் தாழ்ந்திருக்கும் சர்க்கரை திரையில் உயர்ந்து தெரியும். அவர்கள் டயாலிசிஸ் நிலையத்தில் கேட்காமல் மீட்டர் வாங்கக் கூடாது.

இனி விலை. நான் கணக்குத் துறையில் வேலை செய்பவன். அலமாரி முன்னாலேயே போனில் தட்டிப் பார்த்தேன். மூன்று மீட்டர்கள் மிஞ்சின. முதலாவது 49 ரிங்கிட், சலுகை விலை. அதன் ஸ்ட்ரிப் 50 கொண்டது 78 ரிங்கிட், ஒன்று 1.56. இரண்டாவது மீட்டர் 129 ரிங்கிட், ஸ்ட்ரிப் 50-க்கு 46 ரிங்கிட், ஒன்று 92 சென். மூன்றாவது மீட்டர் 95 ரிங்கிட், ஸ்ட்ரிப் 50-க்கு 52 ரிங்கிட், ஒன்று 1.04.

வாரத்துக்கு நான்கு என்றால் ஆண்டுக்கு 208 ஸ்ட்ரிப். முதல் மீட்டருக்கு ஆண்டுக்கு ஸ்ட்ரிப் செலவு 324 ரிங்கிட், இரண்டாவதற்கு 191, மூன்றாவதற்கு 216. மீட்டர் விலையையும் சேர்த்தால், 49 ரிங்கிட் மீட்டர் முதல் ஆண்டிலேயே மூன்றிலும் விலை கூடியதாகிவிடுகிறது. மூன்று ஆண்டில் அதற்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் போகும். இரண்டாவதற்கு எழுநூறு ரிங்கிட்தான். மீட்டரை மலிவாகவோ இலவசமாகவோ கொடுப்பது இதனால்தான். வீட்டில் இருக்கும் பிரிண்டரையும் அதன் மையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். மருந்தாளுநர் போத்தலின் அடியில் இருந்த வரியைக் காட்டினார். பெட்டியில் அச்சிட்ட காலாவதி தேதி திறக்காத போத்தலுக்குத்தான். திறந்த பிறகு இத்தனை மாதம் என்று தனியாக ஒரு கெடு உண்டு. சிலவற்றுக்கு மூன்று மாதம், சிலவற்றுக்கு ஆறு, சிலவற்றுக்கு அச்சிட்ட தேதி வரைக்கும். இரண்டாவது மீட்டரின் ஸ்ட்ரிப் ஐம்பதும் ஒரே போத்தலில் இருந்தன. கெடு மூன்று மாதம். வாரத்துக்கு நான்கு என்றால் பதின்மூன்று வாரத்தில் 52 வேண்டும், ஆக ஒன்றும் வீணாகாது. ஆனால் டாக்டர் நாளைக்கே வாரம் இரண்டு போதும் என்றால்? மூன்று மாதத்தில் 26 மட்டும் செலவாகும், மீதி 24 குப்பைக்கு. 46 ரிங்கிட்டை 26-ஆல் வகுத்தால் ஒரு ஸ்ட்ரிப் 1.77. அலமாரியில் மிக மலிவாக இருந்தது இப்போது மூன்றிலும் விலை கூடியதாகிவிட்டது. மூன்றாவது மீட்டரின் பெட்டியில் 25-25 ஆக இரண்டு போத்தல்கள். அதற்கும் மூன்று மாதக் கெடுதான். ஆனால் வாரம் இரண்டு பார்த்தாலும் ஒரு போத்தல் பன்னிரண்டரை வாரத்தில் தீர்ந்துவிடும், ஒன்றும் வீணாகாது. அதன் விலை 1.04 ஆகவே இருக்கும்.

கெடு தாண்டியதைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஸ்ட்ரிப்பின் நுனியில் இருப்பது ஒரு நொதி. நம் ஊர் ஈரக்காற்றில் அது மெல்ல மெல்லக் கெடும். போத்தல் மூடியிலோ உள் சுவரிலோ ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருப்பது அதற்காகத்தான். ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றுவதும், குளிர்சாதனப் பெட்டியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைப்பதும் காசைக் கரியாக்குவதோடு எண்ணையும் பொய்யாக்கும். திறந்த அன்றே போத்தலில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிடுவது என் பழக்கமாகிவிட்டது.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இந்த ஸ்ட்ரிப் உங்களிடம் எப்போதும் இருக்குமா? நம் வீட்டுப் பக்கத்துக் கடையில் கிடைக்காத ஸ்ட்ரிப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பயனில்லை. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைப்பதை நான் வாங்குவதில்லை. அது எந்தக் கிடங்கில், எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

இதுவரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா பேசாமல் பக்கத்தில் நின்றார். “அம்மா கையில் குடுங்க” என்று மருந்தாளுநர்தான் சொன்னார். கடையில் செய்துகாட்ட வைத்திருந்த மீட்டர்களை ஒவ்வொன்றாக அம்மாவே முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்த்தார். என் கணக்கில் வராத பலதும் அங்கே தெரிந்தது.

இரண்டாவது மீட்டரின் போத்தல் மூடி பெருவிரலால் நெம்பித் திறப்பது. அம்மாவின் மூட்டுவலி விரலுக்கு அது திறக்கவில்லை. மூன்றாம் முயற்சியில் படாரென்று திறந்து, ஏழெட்டு ஸ்ட்ரிப்புகள் மேசையில் சிதறின. ஸ்ட்ரிப்பும் நகத்தளவு ஒல்லி. எந்த முனை உள்ளே போக வேண்டும் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரை அழகான கறுப்பு, எண்கள் சாம்பல் நிறம். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது, அம்மா ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

மூன்றாவதன் ஸ்ட்ரிப் அகலமானது. ஸ்ட்ரிப்பைச் செருகியதும் மீட்டர் தானே உயிர் பெற்றது, எந்தப் பொத்தானும் அழுத்தத் தேவையில்லை. வெள்ளைத் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு எண்கள். முக்கியமாக, புள்ளி ஒரு மிளகு அளவுக்குத் தடித்துத் தெரிந்தது. அம்மாவை எண்ணைச் சொல்லச் சொன்னேன். “அஞ்சு புள்ளி ஒன்பது” என்றார். கடையில் நான் கேட்டதிலேயே எனக்கு நிம்மதி தந்த சொல் அந்தப் “புள்ளி”தான்.

ரத்தம் எவ்வளவு வேண்டும் என்பதையும் பாருங்கள். இப்போது வரும் மீட்டர்கள் பலவற்றுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவாக, கடுகளவு துளி போதும். ஆனால் வயதானவர்களுக்கு முதல் துளி போதாமல் போவது சகஜம். சில மீட்டர்கள் உடனே பிழை காட்டி ஸ்ட்ரிப்பை வீணாக்கும். சில, சில விநாடிகள் காத்திருந்து அதே ஸ்ட்ரிப்பில் இரண்டாம் துளியையும் ஏற்கும். மாதம் மூன்று ஸ்ட்ரிப் இப்படி வீணானால் மூன்று ரிங்கிட் போயிற்று. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஆண்டுக்கு 25 ரிங்கிட்தான் வித்தியாசம். நாங்கள் மூன்றாவதை வாங்கினோம்.

நினைவகம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது அதுதான். 500 பதிவு, 1,000 பதிவு என்பார்கள். வாரத்துக்கு நான்கு பார்ப்பவருக்கு 500 பதிவு என்பது இரண்டு ஆண்டுக்கு மேல். அதற்கு மேல் எதற்கு? பதிவோடு வரும் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. புதிய மீட்டரில் தேதியை வைக்காமல் தொடங்கினாலோ, பேட்டரி மாற்றியதும் தேதி பழையபடி போய்விட்டாலோ, காலை வெறும் வயிற்று எண்ணும் சாப்பிட்ட பின் எண்ணும் கலந்து ஒன்றுக்கும் உதவாது. சாப்பாட்டுக்கு முன், பின் என்று குறியிடும் வசதி நல்லது, ஆனால் அம்மா அதை அழுத்த மறந்துவிடுகிறார். போனுக்கு அனுப்பும் வசதியும் இருக்கிறது. அம்மாவின் போன் பெரும்பாலும் சார்ஜ் இல்லாமல் கிடக்கும் என்பதால் நான் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கவில்லை. பெற்றோர் ஈப்போவில், பிள்ளைகள் சிங்கப்பூரில் என்றால் அந்தக் கணக்கு வேறு.

மீட்டர் தானே போட்டுத் தரும் பதினான்கு நாள் சராசரியையும் நம்பிவிடாதீர்கள். ஒரு நாள் 4, மறுநாள் 12 என்றாலும் சராசரி 8 என்று அழகாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் இன்னொரு தொல்லை. தீபாவளிக்கு வந்த சித்தப்பா, அத்தை எல்லோரும் “எனக்கும் ஒரு குத்து” என்று விரலை நீட்டினார்கள். அவர்கள் சாப்பிட்ட லட்டும் ஜாங்கிரியும் அம்மாவின் சராசரியில் ஏறிவிட்டன. அது போகட்டும். ஒரே குத்துப் பேனாவைப் பலர் பயன்படுத்தினால், ஊசியை மாற்றினாலும்கூட, ஹெபடைடிஸ் பி போன்ற நோய் பரவ வழியுண்டு. இப்போது அந்தப் பேனா அம்மாவின் அறையைவிட்டு வெளியே வருவதில்லை.

வாங்கி ஒரு மாதம் கழித்து, கிளினிக்கில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த அன்று மீட்டரையும் கொண்டுபோனோம். மிஸ்ஸி ஊசியை எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், ஒன்றும் சாப்பிடாமல், அம்மா கையைக் கழுவித் துடைத்து விரலில் பார்த்தார். மீட்டர் 7.9 காட்டியது. ஆய்வுக்கூட முடிவு 7.4. வித்தியாசம் 0.5, அதாவது ஏழு விழுக்காடு. சாப்பிட்ட பிறகு இப்படி ஒப்பிடக் கூடாது. அப்போது விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும், மீட்டர் மீது வீண் பழி விழும்.

கையைக் கழுவியதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் அம்மாவுக்கு 15.2 என்று வந்தது. பதறி, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, பேரனுக்கு மாம்பழம் அறுத்துக் கொடுத்தேன் என்றார். விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்திருக்கிறார். பழச்சாற்றின் சர்க்கரைக்குப் பஞ்சு போதாது. சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி பார்த்தால் 7.1.

சென்ற மாதம் டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டு, இனி வாரம் இரண்டு முறை பார்த்தால் போதும் என்றார். சிறிய போத்தல் வாங்கியது நல்லதாகப் போயிற்று. சென்னை மீட்டரை நான் வீசவில்லை. பேட்டரியைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மாமா தை மாதம் மறுபடி போகிறார். அங்கே இருக்கும் பெரியம்மாவுக்கு 124 என்றால் 124தான், அவரிடமே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறோம்.